ஒரு லோட்டா பாலும் ஒரே ஒரு நொதியும்

நாற்பது வயதுக்காரர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் பெரிய லோட்டா நிறைய, சுமார் 400 மில்லி பால் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் வயிறு உப்புகிறது, கடமுடவென்று சத்தம் கேட்கிறது, இன்னும் சற்று நேரத்தில் தண்ணீராகப் பேதி. ஆனால் அதே மனிதர் இட்லி, முட்டை, பருப்பு என்று எதைச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. பாலில் உள்ள புரதமும் கொழுப்பும்கூட அவருக்கு நன்றாகவே செரிக்கின்றன. தொல்லை கொடுப்பது அந்தப் பாலில் கரைந்திருக்கும் ஏறத்தாழ 20 கிராம் லாக்டோஸ் என்ற சர்க்கரை மட்டும்தான்.

அது மட்டும் ஏன் என்பதற்கு விடை சிறுகுடலின் உள்சுவரில் இருக்கிறது. அந்தச் சுவர் முழுக்க விரல்போன்ற குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மைக்ரான் அளவு உயரமுள்ள நுண்ணிழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நுண்ணோக்கியில் தூரிகை மயிர்போலத் தெரிவதால் இந்தப் பரப்புக்குத் தூரிகை விளிம்பு என்று பெயர். எச்சிலிலும் கணையநீரிலும் வரும் நொதிகள் உணவோடு கலந்து மிதந்தபடி அதைத் துண்டாக்குகின்றன. தூரிகை விளிம்பின் நொதிகள் அப்படி மிதப்பதில்லை. செல்லின் சவ்விலேயே பதிந்து நிற்கின்றன. உணவுத்துண்டு அங்கே வந்து தொட்டதும் கடைசி வெட்டு விழுகிறது. வெட்டுப்பட்டது உடனே பக்கத்திலிருக்கும் கடத்திப் புரதம் வழியாகச் செல்லுக்குள் போய்விடுகிறது.

சர்க்கரைகளைப் பொறுத்தவரை இந்த வாசலில் ஒரு கறாரான விதி: ஒற்றைச் சர்க்கரையாக வந்தால் மட்டுமே அனுமதி. குளுக்கோஸ், கேலக்டோஸ், ஃப்ரக்டோஸ் உள்ளே போகலாம். இரண்டு சர்க்கரைகள் ஒட்டிய ஜோடி போக முடியாது. இட்லியின் மாவுச்சத்தை எச்சிலும் கணையநீரும் சிறு துண்டுகளாக்கிவிடும். அவற்றைக் குளுக்கோஸாகப் பிரிக்கத் தூரிகை விளிம்பில் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ், மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் என்று இரண்டு நொதிகள் இருக்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் மற்றது ஓரளவு ஈடுகொடுக்கும். லாக்டோஸுக்கு அந்த வசதி இல்லை. குளுக்கோஸும் கேலக்டோஸும் இணைந்த அந்த ஜோடியைப் பிரிக்க லாக்டேஸ் ஒன்றுதான் உண்டு.

புரதத்தின் கதை நேர்மாறானது. இரைப்பையும் கணையமும் வெட்டி அனுப்பும் சிறு சங்கிலிகளை மேலும் நறுக்கத் தூரிகை விளிம்பில் பலவகைப் பெப்டிடேஸ்கள் இருக்கின்றன. ஒன்று முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும், இன்னொன்று இரண்டிரண்டாக. அதைவிட முக்கியம், புரதத்துக்கு வாசல் விதியே தளர்வானது. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டு அப்படியே உள்ளே போகலாம். மீதி வெட்டு செல்லுக்குள் நடக்கும். என்டெரோபெப்டிடேஸ் என்ற ஒரு நொதிக்கு மட்டும் மாற்று கிடையாது. கணையத்தின் டிரிப்சினை விழிக்கச் செய்வது அதுதான். பிறவியிலேயே அது இல்லாத குழந்தைகள் புரதம் செரிக்காமல் இளைத்துப்போவார்கள். அது மிக அரிது. எனவேதான் பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர் ஏராளம். புரதம் செரிக்காதவர் அபூர்வம்.

இனி நம் மனிதரின் வயிற்றுக்குத் திரும்புவோம். லாக்டேஸ் போதாததால் 20 கிராமில் பெரும்பகுதி குடலுக்குள்ளேயே தங்குகிறது. சிறுகுடலின் சுவர் கசிவுத்தன்மை கொண்டது. உள்ளிருக்கும் திரவத்தின் செறிவும் ரத்தத்தின் செறிவும் சமமாகும்வரை நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் செறிவில் 20 கிராம் லாக்டோஸ் பிடித்துவைக்கும் நீர் கிட்டத்தட்ட 200 மில்லி. உப்பும் கூடவே கசிந்து வருவதால் உண்மையான அளவு இதைவிட அதிகமாகும். இவ்வளவு திரவம் சிறுகுடலை விரித்து வேகமாகக் கீழே ஓடுகிறது. கடமுட சத்தத்துக்கும் முறுக்கும் வலிக்கும் இதில் பங்குண்டு.

அடுத்தது பெருங்குடல். அங்கு வாழும் பாக்டீரியாக்கள் லாக்டோஸைப் புளிக்கவைக்கின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிவருகின்றன, சிலருக்கு மீத்தேனும். இதுதான் உப்புசம். கூடவே குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் உருவாகின்றன. பெருங்குடல் அவற்றை உறிஞ்சும்போது உப்பையும் நீரையும் சேர்த்தே மீட்டுக்கொள்கிறது. இது நம் உடலின் அருமையான இரண்டாம் காப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மீட்கும் வேகத்தைவிட வரத்து அதிகமாகும்போதுதான் பேதி. ஒரு காபியில் கலந்த பால் ஒன்றும் செய்யாமல், ஒரு லோட்டா பால் மட்டும் வயிற்றைக் கலக்குவது இதனால்தான். லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஏறத்தாழ 250 மில்லி பால்வரை, பெரிய தொல்லையில்லாமல் தாங்குகிறார்கள்.

நீரிழிவுக்காக அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்கள் இதே உப்புசத்தை அறிவார்கள். தூரிகை விளிம்பின் மால்டேஸ், சுக்ரேஸ் நொதிகளை அந்த மருந்துகள் வேண்டுமென்றே தடுக்கின்றன. பிரியாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. இவர்களுக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் வெள்ளைச் சர்க்கரை சரியாகக் கைகொடுக்காது. குளுக்கோஸ்தான் தர வேண்டும்.

லாக்டேஸ் குறைவது நோயல்ல. பால்குடி மறந்தபின் அது குறைவதே பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பு. வயது வந்தபின்னும் அதைத் தொடரச் செய்யும் மரபணு மாற்றம் ஒன்றை 2002-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டு. வடமேற்கில் அதிகமாகவும் தெற்கே குறைவாகவும் காணப்படுகிறது. தற்காலிகக் குறைவு வேறு வகை. லாக்டேஸ் குடலுறிஞ்சியின் நுனிப்பகுதிச் செல்களில்தான் மிகுதியாக இருக்கிறது. ரோட்டா வைரஸ்போன்ற தொற்று அந்தச் செல்களைச் சிதைக்கும்போது குழந்தைக்குப் பால் சில காலம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். புதிய செல்கள் வளர வளர அது சரியாகும்.

உறுதிசெய்ய மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. நம் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. லாக்டோஸ் கரைசல் குடித்தபின் மூச்சில் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால், அது பாக்டீரியாவின் கைங்கரியம். சர்க்கரை செரிக்கவில்லை என்று அர்த்தம். ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றிவிடும் நுண்ணுயிரிகள் உள்ளவர்களிடம் இந்தச் சோதனை தவறிப்போகும்.

பாலை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை பாக்டீரியா முன்பே தின்றுவிடுகிறது. அதன் நொதியும் நம் குடலுக்குள் வந்து மீதியைப் பிரிக்க உதவுகிறது. கொதிக்கவைத்த மோர்க்குழம்பில் இந்த இரண்டாவது உதவி கிடைக்காது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பாலைச் சுண்டக் காய்ச்சிய பால்கோவாவில்தான் அது செறிந்திருக்கிறது. உணவோடு சேர்த்துச் சிறிது சிறிதாகக் குடித்தால் பாலே பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

பேதி கண்ட கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், எடைக்குறைவு, இரவில் எழுப்பும் பேதி இருந்தால் பாலைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.