ஜாதகக் கட்டும் அடுத்த வீட்டுக் காதும்

அண்டை அயலாருக்கு ஜாதகம் பார்த்துச் சொல்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். சோதிடம் மெய்யா பொய்யா என்ற வழக்கை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

ஒரு தாய் தன் பெண்ணின் ஜாதகத்தை நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு தரம் மாறிவிடும். ஆகையால் பிறந்த நேரத்தில் உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. "எந்த ஆஸ்பத்திரி? பிரசவத்தின்போது கூட யார் இருந்தார்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்கிறீர்கள். அந்த அம்மாளின் முகம் வாடுகிறது. "அவள் என் வயிற்றில் பிறந்தவள் இல்லை, மாமி. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை" என்கிறாள்.

அதற்குமேல் ஒரு கேள்வியும் வேண்டாம். "இந்த நேரத்தை வைத்து நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் 'தத்து' என்று குறித்து வைக்காதீர்கள். நாளைக்கு உங்கள் மருமகளே அதைப் புரட்டலாம்! கைபேசியில் ஜாதகத்தின் படம் வந்திருந்தால், அவள் எதிரிலேயே அழித்துவிடுங்கள். மறுவாரம் அவள் மாமியார் வந்து, "எங்கள் வீட்டு ஜாதகம் பார்த்தீர்களாமே?" என்று ஆரம்பிப்பார். "கொண்டு வந்தவளிடமே கேளுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் கூடாது. "எனக்கொன்றும் தெரியாதம்மா" என்று இழுத்தால், ஏதோ இருக்கிறது என்று அவரே கண்டுகொள்வார்.

பொருத்தம் பார்க்கும்போதும் இப்படித்தான். பிள்ளை வீட்டாருக்கு 'பொருந்தவில்லை' என்ற ஒரு சொல் போதும். "பெண்ணுக்கு எட்டில் செவ்வாய்" என்று விளக்கம் சொன்னால், அடுத்த வரன் வருவதற்குள் அது தெருவெல்லாம் சுற்றிவிடும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். பன்னிரண்டு வயது வரை ஆயுளை நிர்ணயிக்க முடியாது என்று மந்திரேசுவரரின் பலதீபிகையே சொல்கிறது. நாமோ தொட்டிலில் கிடக்கும் சிசுவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, ஒன்பதாமிடத்தைப் பார்த்துத் தகப்பனுக்குப் பலன் சொல்கிறோம்! "இவன் பிறந்த வேளை அப்பாவுக்கு ஆகாது" என்ற பேச்சு எப்படியோ குழந்தையின் காதுக்கு எட்டிவிடும். பிறகு அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும், தன்னால்தான் என்று அது உள்ளுக்குள் மருகும். வாய்விட்டு யாரிடமும் கேட்காது. மூல நட்சத்திரப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மாமனாருக்கு ஆகாது என்ற சொல்லைப் பாவாடை கட்டிய நாளிலேயே கேட்டிருப்பார்கள்.

பதினாலு வயதுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "மாமி, எனக்குப் பாருங்களேன்" என்று கையை நீட்டுவாள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவள் மறக்க மாட்டாள். அந்த வயதில் கேட்பதற்குப் பின்னால் வேறொரு கவலை இருப்பதும் உண்டு: வீட்டில் சண்டை, பரீட்சைப் பயம், சொல்ல முடியாத ஏதோ ஒன்று. ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு, காப்பி கலந்து கொடுத்து, "என்னடி விஷயம்?" என்று கேளுங்கள்.