50,000 வரிகள், திரையில் 26

ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு பட்டியலில், அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கிக் காட்டும் முறைக்கு மெய்நிகர் பட்டியல் என்று பெயர். புரோகிராமர்கள் இதை விர்ச்சுவலைசேஷன் என்றும் விண்டோயிங் என்றும் சொல்வார்கள். மற்ற வரிகளின் தகவல் கணினியின் நினைவகத்தில் இருக்கும். திரையில் அவற்றுக்கு உருவம் இருக்காது. பட்டியலை மேலே தள்ளத் தள்ள, பார்வையிலிருந்து மறையும் வரிகள் நீக்கப்பட்டு, வரப்போகும் வரிகள் அப்போதுக்கப்போது எழுதப்படுகின்றன.

இப்படிச் செய்வதற்குக் காரணம், தகவலை வைத்திருப்பது எளிது, அதற்கு உருவம் கொடுப்பதுதான் பாரம் என்பது. ஒரு மருந்து மொத்த வியாபாரியின் இருப்புப் பட்டியலில் 50,000 வரிகள், வரிக்கு 8 கட்டங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் எழுத்தாகவும் எண்ணாகவும் பார்த்தால் இது ஒரு சாதாரண கைபேசிக்கும் சுமையில்லை. அதையே பிரவுசரில் அப்படியே அடுக்கினால் வரிக்கு ஓர் உறுப்பு, கட்டத்துக்கு ஓர் உறுப்பு என்று மொத்தம் 4,50,000 உறுப்புகள் உருவாகும். ஒவ்வொன்றுக்கும் எழுத்துரு, நிறம், அகலம், உயரம், இடம் எல்லாவற்றையும் பிரவுசர் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி நொடி. வேலை அதைத் தாண்டினால் அந்தப் படம் தவறிவிடும். பட்டியல் வழுக்கிக்கொண்டு போகாமல் திக்கித் திக்கி நகரும்.

மெய்நிகர் பட்டியல் முதலில் செய்வது உயரத்தைக் காட்டுவது. ஒரு வரி 40 பிக்சல் உயரம் என்றால் 50,000 வரிகளுக்கு 20 லட்சம் பிக்சல். அந்த உயரத்துக்கு ஒரு வெற்றுப் பெட்டியை வைத்துவிட்டால், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓரத்தில் உள்ள ஸ்க்ரோல் பட்டை முழுப் பட்டியலும் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். அடுத்தது கணக்கு. பட்டியல் எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கிறது என்பதை பிரவுசர் `scrollTop` என்ற எண்ணாகத் தரும். மிச்சம் வெறும் வகுத்தல்தான்:

```
first = Math.floor(scrollTop / 40)
last  = Math.floor((scrollTop + 600) / 40)
```

பார்வைச் சட்டத்தின் உயரம் 600 பிக்சல். பட்டியல் 8,12,350 பிக்சல் நகர்ந்திருக்கிறது. கணக்குப்படி தெரிய வேண்டியவை, பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 20,308 முதல் 20,323 வரை, ஆக 16 வரிகள். முன்னெச்சரிக்கையாக மேலே ஐந்து, கீழே ஐந்து சேர்த்தால் 26. வெற்றுப் பெட்டிக்குள் மேலிருந்து 8,12,120 பிக்சல் தள்ளி இந்த 26 வரிகளும் வைக்கப்படுகின்றன. 4,50,000 உறுப்புகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது இருப்பவை 234.

கூடுதலாக வைக்கும் அந்தப் பத்து வரிகள் வீண் அல்ல. இன்றைய பிரவுசர்கள் திரையை நகர்த்தும் வேலையை ஒரு தனி இழையில் செய்கின்றன. வரிகளை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் வேறொரு இழையில் ஓடுகிறது. வேகமாகச் சுண்டினால் நகர்வு முந்திக்கொள்ளும், எழுத்து பின்தங்கும். அப்போது ஒரு கணம் வெள்ளை வெற்றிடம் பளிச்சிட்டு மறைவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கூடுதல் வரிகள் அந்த இடைவெளியை மூடுகின்றன. அவற்றை ஐந்திலிருந்து நூறாக்கினால் எழுதும் வேலையே கூடி, தீர்க்க வந்த பிரச்சினை திரும்ப வந்துவிடும்.

இதுவரை சொன்னது எல்லா வரியும் ஒரே உயரம் என்ற சுகமான நிலை. உண்மையான சிக்கல் உயரம் மாறும்போது தொடங்குகிறது. ஒரு மருந்தின் பெயர் நீண்டு இரண்டு வரியாக மடிந்தால் அந்த வரி 64 பிக்சல் ஆகலாம். எழுதிப் பார்க்கும்வரை அது தெரியாது. எனவே முதலில் உத்தேசமாக ஓர் உயரம் வைத்துக்கொண்டு, வரி திரைக்கு வந்ததும் அளந்து திருத்துகிறார்கள். எந்த இடத்தில் எந்த வரி என்று கண்டுபிடிக்க வகுத்தல் இனி உதவாது. உயரங்களின் தொடர் கூட்டலை வைத்துக்கொண்டு, பாதிப் பாதியாகப் பிரித்துத் தேட வேண்டும். 50,000 வரிகளில் அதிகபட்சம் 16 படிகளில் விடை கிடைத்துவிடும் என்பதால் இது பெரிய செலவில்லை.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. பயனர் நடுப்பட்டியலுக்கு நேராகத் தாவிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வருகிறார். மேலே உள்ள வரிகள் இன்னும் அளக்கப்படாதவை. 40 என்று உத்தேசித்த வரி 64 என்று தெரிந்ததும், படித்துக்கொண்டிருந்த வரி 24 பிக்சல் கீழே துள்ளுகிறது. அடுத்த வரிக்கு மறுபடி ஒரு துள்ளல். பார்வைக்கு மேலே உள்ள வரியின் உயரம் மாறும்போதெல்லாம் அதே வித்தியாசத்தை `scrollTop` எண்ணிலும் உடனே கூட்டுவதுதான் மருந்து. கீழே போகும்போது சீராகவும் மேலே வரும்போது துள்ளியும் ஒரு பட்டியல் ஓடினால், இந்தத் திருத்தம் விட்டுப்போயிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கைபேசிச் செயலிகளில் இன்னொரு பிழை அடிக்கடி தலைகாட்டும். ஐபோனின் UITableView, ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த RecyclerView ஆகியவை, மறைந்த வரியைத் தூக்கி எறியாமல் புதுத் தகவலை நிரப்பி மீண்டும் பயன்படுத்துகின்றன. மூன்றாவது வரியில் போட்ட டிக், கீழே போனதும் பதினெட்டாவது வரியிலும் தெரிந்தால், அந்த டிக் தகவலில் பதியப்படாமல் வரியின் உருவத்திலேயே தங்கிவிட்டது என்று பொருள். திரையில் உள்ள வரி தற்காலிகமானது. நினைவில் இருக்க வேண்டிய எதையும் அதில் வைக்கக் கூடாது.

அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. குரோம் ஓர் உறுப்புக்குச் சுமார் 3.35 கோடி பிக்சல் உயரம்தான் அனுமதிக்கும். ஃபயர்பாக்ஸில் அது ஏறத்தாழ 1.79 கோடி. 40 பிக்சல் வரிகளாகப் பார்த்தால் ஃபயர்பாக்ஸில் நான்கரை லட்சம் வரிகளுக்கு அப்பால் எட்டவே முடியாது. பத்து லட்சம் வரிகள் வேண்டுமென்றால் பெட்டியின் உயரத்தைச் சுருக்கி, ஸ்க்ரோல் நிலையை விகிதப்படி பெருக்கிக்கொள்ள வேண்டும்.

பயனர் இழப்பதும் உண்டு. Ctrl+F போட்டுத் தேடினால், எழுதப்பட்ட 26 வரிகளில் இருப்பது மட்டுமே கிடைக்கும். இருக்கும் மருந்தை இல்லை என்று பிரவுசர் சொல்லிவிடும். ஆகவே பட்டியலுக்குச் சொந்தமாக ஒரு தேடல் பெட்டி கட்டாயம் வேண்டும். அச்சிடுவதற்கும் தனி ஏற்பாடு தேவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பட்டியலில் 26 வரிகளே உள்ளன என்று எண்ணிக்கொள்ளும். `aria-rowcount` வழியாக மொத்த எண்ணிக்கையையும், `aria-rowindex` வழியாக ஒவ்வொரு வரியின் எண்ணையும் சொல்ல வேண்டியது உருவாக்குபவரின் கடமை. இதை விட்டுவிடுவது சிலருக்குக் கதவைச் சாத்துவதற்குச் சமம். சில நூறு வரிகளே உள்ள பட்டியலுக்கு இந்த இழப்புகளை ஏற்க வேண்டியதில்லை. அதை முழுதாக எழுதிவிடுவதே நல்லது.

ஒரு தளம் இந்த முறையைப் பின்பற்றுகிறதா என்று யாரும் சோதிக்கலாம். கணினியில் F12 அழுத்தி, Console பகுதியில் இதைத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை வரும்:

```
document.querySelectorAll('*').length
```

பட்டியலில் வெகுதூரம் கீழே போய் மீண்டும் பாருங்கள். எண் ஏறக்குறைய அப்படியே இருந்தால் அது மெய்நிகர் பட்டியல். ஏறிக்கொண்டே போனால், அது கீழே போகப் போக வரிகளைச் சேர்க்கும் பட்டியல்தான். பழையதை நீக்குவதில்லை, நேரம் போகப் போகக் கனக்கும்.