பெட்டிக்குள் என்ன இருந்தாலும்

12 வோல்ட் மின்கலம். அதனுடன் 1000 ஓம் மின்தடைகள் இரண்டு தொடராக இணைந்துள்ளன. இரண்டாவது தடையின் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளை வெளியே எடுத்து, மற்றதையெல்லாம் பெட்டியில் மூடிவிடுவோம். வெளியே எதுவும் இணைக்காதபோது, வோல்ட்மீட்டர் 6 வோல்ட் காட்டும். அதை நம்பி 500 ஓம் கருவி ஒன்றை மாட்டினால், அதற்குக் கிடைப்பது 3 வோல்ட்தான்.

காரணம் எளிது. வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு, அந்தப் பெட்டி 6 வோல்ட் மூலமும் அதனுடன் தொடராக 500 ஓம் தடையும் மட்டுமே. மின்கலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கம்பியால் இணைத்தால், இரு தடைகளும் பக்க இணைப்பாகி 500 ஓம் ஆகிவிடும். கருவியும் 500 ஓம் என்பதால் மின்னழுத்தம் சரிபாதியாகிறது.

உள்ளே நூறு தடைகள் இருந்தாலும் இப்படிச் சுருக்கலாம் என்று 1853இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். 1883இல் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் லியோன் தெவெனின் அதைத் தனியாகக் கண்டடைந்தார்; தேற்றம் அவர் பெயரில் நிலைத்தது.

டையோடு போல, மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறாத உறுப்புகள் உள்ளே இருந்தால் இந்தச் சுருக்கம் அப்படியே பொருந்தாது. இன்னொன்று: கருவி இல்லாதபோது சுருக்கிய சுற்றில் மின்னோட்டமே கிடையாது. உண்மைப் பெட்டியிலோ 72 மில்லிவாட் வெப்பமாகிக்கொண்டே இருக்கும். உள்ளே வீணாகும் சக்தியைக் கணக்கிட மூலச் சுற்றைத்தான் பார்க்க வேண்டும்.