வளைகோட்டில் தவறிய நிழல்

இயல்நிலைப் பரவல் கணக்குகளில் விடையாகக் கேட்கப்படுவது ஒரு பரப்பு. மணி வடிவ வளைகோட்டின் கீழ் உள்ள மொத்தப் பரப்பு 1. சராசரியின் இருபுறமும் ஆளுக்குப் பாதியாக 0.5. கேட்கப்படும் பகுதியை நிழலிட்டுக் காட்டி, அதன் பரப்பை அட்டவணையின் துணையோடு கண்டுபிடித்தால் அதுவே நிகழ்தகவு. நிழலும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று முரண்படும் விடைத்தாளைத் திருத்துவதுதான் சிக்கல். எது தவறு, எத்தனை தவறு, எதற்கு மதிப்பெண் போகிறது என்பதை வரிவரியாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பால் பாக்கெட் நிரப்பும் இயந்திரம் ஒன்று சராசரியாக 505 மி.லி. நிரப்புகிறது, திட்ட விலக்கம் 4 மி.லி. நிரம்பும் அளவு இயல்நிலைப் பரவலில் அமைகிறது என்றால், 1000 பாக்கெட்டுகளில் எத்தனை 500 மி.லி.க்கும் குறைவாக இருக்கும்? 5 மதிப்பெண் கேள்வி. 500-ஐ Z மதிப்பாக மாற்றுவது, படம் வரைந்து நிழலிடுவது, அட்டவணையைப் பார்ப்பது, அதிலிருந்து வேண்டிய பரப்பைப் பெறுவது, பாக்கெட் எண்ணிக்கையைச் சொல்வது என்று படிக்கு ஒரு மதிப்பெண்.

சரியான வழி சுருக்கமானது. z = (500 − 505)/4 = −1.25. வேண்டியது −1.25-க்கு இடதுபுறம் இருக்கும் வால்பகுதி. தமிழ்நாட்டுப் பாடநூல் அட்டவணை 0-இலிருந்து z வரையுள்ள பரப்பை மட்டுமே தருகிறது. அதில் 1.2 வரிசையும் 0.05 நிரலும் சந்திக்கும் இடத்தில் 0.3944 இருக்கிறது. வளைகோடு சமச்சீரானது என்பதால் −1.25-இலிருந்து 0 வரையும் இதே பரப்புதான். இடது பாதி முழுவதும் 0.5, அதில் 0.3944 போக மிஞ்சுவது 0.1056. ஆகவே சுமார் 106 பாக்கெட்டுகள்.

மாணவரின் விடை இப்படி இருக்கிறது. z = −1.25 என்பது சரியாக வந்திருக்கிறது. படத்தில் −1.25-க்கும் 0-க்கும் நடுவே பென்சிலால் அழுத்தி நிழலிட்டிருக்கிறார். வால்பகுதி வெறுமையாக இருக்கிறது. அடுத்த வரியில் 0.3944. அதற்கடுத்த வரியில் 1 − 0.3944 = 0.6056. முடிவாக 606 பாக்கெட்டுகள்.

விடைக்குறிப்பைப் பார்த்து ஒரேயடியாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டால் இங்கே நடந்தது என்ன என்பது தெரியாமல் போய்விடும். நிழல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பல புத்தகங்களில் அட்டவணையின் தலைப்பில் ஒரு சிறு வளைகோட்டுப் படம் இருக்கும். 0-க்கும் z-க்கும் இடையே நிழலிட்ட படம் அது. இந்த அட்டவணை எந்தப் பரப்பைத் தருகிறது என்பதற்கான அடையாளமே தவிர, கேள்வி எதைக் கேட்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. மாணவர் பெரும்பாலும் அந்தப் படத்தையே இடதுபுறம் திருப்பி வரைந்திருக்கிறார். 500-க்கும் 505-க்கும் இடைப்பட்ட பாக்கெட்டுகளைப் பற்றிக் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது தவறு வேறு வகை. அட்டவணைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து பரப்பை அளப்பதில்லை. கேம்பிரிட்ஜ் பன்னாட்டு ஏ லெவல் தேர்வுக்கான அட்டவணை, இடது கோடியிலிருந்து z வரையுள்ள பரப்பு முழுவதையும் தருகிறது, அதில் 1.25-க்கு 0.8944 என்று இருக்கும். அந்த அட்டவணையோடு 1-இலிருந்து கழித்தால் 0.1056 சரியாக வந்துவிடும். வலது வாலை மட்டும் தரும் அட்டவணைகளும் உண்டு. 1799-இல் கிராம்ப் என்பவர், வளிமண்டலத்தில் ஒளி விலகுவதைக் கணக்கிடுவதற்காக, இந்த வளைகோட்டுக்கான முதல் அட்டவணையை வெளியிட்டபோது அதுவும் வால்பகுதியைத் தரும் அட்டவணையாகவே இருந்தது. வழிகாட்டி நூலிலோ காணொளியிலோ பார்த்த ‘ஒன்றிலிருந்து கழி’ என்ற வழியை, பாதி வளைகோட்டுக்கான எண்ணோடு மாணவர் சேர்த்திருக்கக்கூடும். வழி ஒரு அட்டவணைக்கு உரியது, எண் இன்னொரு அட்டவணைக்கு உரியது.

0.6056 என்பது வெறும் பிழையான எண் அல்ல; அதற்கும் படத்தில் ஓர் இடம் உண்டு. 500-க்குக் கீழே உள்ள 0.1056-ஐயும் 505-க்கு மேலே உள்ள 0.5-ஐயும் கூட்டினால் இதுவே வரும். அதாவது, மாணவர் நிழலிட்ட பகுதியை நீக்கிவிட்டு மீதி எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறார்; நன்றாக நிரம்பிய பாக்கெட்டுகள் பாதியும் குறைபாக்கெட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டன. விடை தவறு என்பதற்கு அட்டவணையே தேவையில்லை. சராசரி 505 என்றால் பாதிப் பாக்கெட்டுகள் 505-க்கு மேல். 500-க்குக் கீழே இருப்பவை 500 பாக்கெட்டுகளைத் தாண்ட வழியே இல்லை.

இனி மதிப்பெண். Z மதிப்புக்கு 1. நிழலுக்கு இல்லை. அட்டவணையில் சரியான வரிசை, நிரல் பார்த்து 0.3944 எடுத்ததற்கு 1. அந்த எண்ணைப் பின்னால் என்ன செய்தார் என்பது வேறு விஷயம். பரப்பைப் பெறும் படிக்கு இல்லை. 0.6056-ஐ 1000-ஆல் பெருக்கி 606 என்று எழுதியதற்கு, முந்தைய பிழையைத் தொடர்ந்து வந்த சரியான செயல் என்ற முறையில் 1 தரலாம். மொத்தம் 3.

கடைசி மதிப்பெண்ணில் கருத்து வேறுபாடு வரும். பாதியைத் தாண்டிய விடையை யோசிக்காமல் எழுதியவருக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அந்தப் படி சோதிப்பது நிகழ்தகவை எண்ணிக்கையாக மாற்றத் தெரிகிறதா என்பதை மட்டுமே. அது தெரிந்திருக்கிறது. யோசிக்காததற்கான தண்டனை மேல் வரியிலேயே கொடுத்தாகிவிட்டது.

நிழலுக்கும் பரப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போவது ஒரே பிழைக்கு இருமுறை வெட்டுவது ஆகாதா? இந்த விடைத்தாளில் ஆகாது. தன் படத்தை நம்பி 0.3944, 394 பாக்கெட்டுகள் என்று முடித்திருந்தால் பிழை ஒன்றே; அப்போது நிழலுக்கு மட்டும் வெட்டி, பிறகு வருவதைத் தொடர்ச்சியாக ஏற்பது நியாயம். இவரோ தன் படத்தையும் பின்பற்றவில்லை. தவறாக நிழலிட்டும் 0.5 − 0.3944 என்று எழுதி 106-க்கு வந்த மாணவர் இருந்தால், அவருக்கு 4.

விளிம்பில் எழுதும் குறிப்பும் இரண்டாக இருக்க வேண்டும். படத்தின் அருகே ‘500-க்குக் குறைவு எந்தப் பக்கம்?’ என்றும், கழித்தலின் அருகே ‘இந்த அட்டவணை 0-இலிருந்து அளக்கிறது’ என்றும் எழுதினால் போதும். எந்தப் பிழை வேரூன்றியது, எது கைத்தவறு என்பதை அறிய, அதே இயந்திரத்தைப் பற்றி இரண்டு சிறு கேள்விகள் கொடுக்கலாம். 510 மி.லி.க்கு மேல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இதற்கு நிழலும் விடையும் சரியாக வந்தால், முன்பு குழப்பியது எதிர்க்குறிதான். மறுபடியும் 0.6056 வந்தால் குறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 510-க்குக் குறைவாக இருப்பதற்கு என்ன? சரியான விடை 0.5 + 0.3944 = 0.8944. இதற்கு 0.3944 என்று மட்டும் எழுதுபவர், அட்டவணை இடது கோடியிலிருந்தே தொடங்குகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.