ஆணியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

பாடசாலைக்கும் கடைக்கும் ஸ்கூட்டியில் சென்று வரும் சகோதரிகளே! பின் டயரில் ஓர் ஆணி ஏறியிருப்பதைக் கண்டால் உங்கள் கை என்ன செய்யும்? என் ராத்தாவின் மகள் ஓர் ஆசிரியை. நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியில் அவள் உடனே ஆணியைப் பிடுங்கிவிட்டாள். "மாமா, காத்து முழுக்கப் போயிட்டு" என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். பிடுங்காமல் விட்டிருந்தால், ஒரு கிலோமீற்றருக்குள் இருந்த பஞ்சர் கடைக்கு மெதுவாக ஓட்டியே போயிருக்கலாம்.

அவளுடையது டியூப் இல்லாத டயர். அதில் டயருக்கும் ரிம்முக்கும் இடையிலேயே காற்று நிற்கிறது. ஏறிய ஆணியை றப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்று சிறிது சிறிதாகவே கசியும். டியூப் உள்ள டயரிலோ காற்று மெல்லிய றப்பர்ப் பையில் இருக்கிறது. அது துளைபட்டால் கண நேரத்தில் காற்று இறங்கிவிடும். அதற்குப் பிறகும் ஓட்டினால் வண்டி தடுமாறும். டியூப் கசங்கி, வால்வின் அடியில் கிழிந்து, ஒட்டுப் போடவும் உதவாமற் போகும். எனவே உடனே இறங்கி உருட்டுங்கள்.

உங்களுடையது எது? டயரின் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கம்பி போட்ட சாதாரண சக்கரமென்றால் டயரில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே டியூப் இருக்கும். கம்பித் துளைகளால் காற்று போகுமல்லவா? பழைய ரிம்மில் கசிவு நிற்காததால் கடைக்காரர் டியூப் போட்டுத் தந்திருக்கவும் கூடும். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் இல்லாததைச் சக்கரத்தைக் கழற்றாமலே வீதியோரத்தில் அடைக்கலாம். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, குறட்டால் இழுங்கள். அதே சாய்வில் அரம் போன்ற ஊசியைச் செலுத்தி நாலைந்து தரம் முன்னும் பின்னும் அசையுங்கள். பசையுள்ள றப்பர்த் திரியைக் காதுள்ள ஊசியில் நடுவாகக் கோத்து, இரு முனைகளும் ஒரு சென்ரிமீற்றர் அளவு வெளியே நிற்கும்வரை அழுத்துங்கள். பிறகு ஊசியை வெடுக்கென்று இழுத்தால் திரி உள்ளேயே தங்கிவிடும். காற்றடித்துச் சவர்க்கார நீர் தடவுங்கள். குமிழி வராவிட்டால் மிஞ்சிய திரியை வெட்டலாம். தரையில் படும் பகுதிக்கே இது பொருந்தும். டயரின் பக்கவாட்டில் ஓட்டையென்றால் திரி நிற்காது, டயரையே மாற்ற வேண்டும்.

டியூப் டயருக்கு இந்தத் திரி உதவாது. சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்து, நீரில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டு, உரசிப் பசை காய்ந்த பின் ஒட்ட வேண்டும். பின்சக்கரமென்றால் அது கடைக்காரர் வேலைதான். நீங்கள் அருகில் நின்று ஒன்றை மட்டும் கேளுங்கள்: "டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தீர்களா?" உடைந்த முள்ளோ கம்பித் துண்டோ அங்கே தங்கியிருந்தால், மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் காற்றுப் போகும்.