537 ஓட்டில் ஒரு ஜனாதிபதி

2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின் முடிவு புளோரிடா மாநிலத்தில் தொங்கியது. அங்கே இறுதி எண்ணிக்கையில் புஷ் 29,12,790, அல் கோர் 29,12,253, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து 1,38,067 ஓட்டுகள். அந்த அட்டவணையை யாரோ செல்போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று வையுங்கள்.

முதலிரண்டு எண்களைக் கழித்தால் 537. புஷ் வெற்றி. ஆனால் படம் மங்கலாக இருந்து, கோரின் 253ஐ 853 என்று படித்துவிட்டால்? கோர் 63 ஓட்டில் ஜெயித்துவிடுவார்! அதனால் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். அட்டவணையின் அடியில் உள்ள மொத்தம் 59,63,110. நம் கூட்டல் அதைவிட 600 அதிகமாக வந்தால், நூறாம் இடத்தில் ஓர் இலக்கத்தில் ஆறு கூடிவிட்டது; 2 எங்கே 8 ஆனது என்று அந்த இடத்தில் மட்டும் தேடினால் போதும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் இந்தச் சோதனையும் ஏமாந்துவிடும், அது அபூர்வம்.

சதவீதத்துக்கு ஒவ்வொருவரின் ஓட்டையும் மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். செல்லாத ஓட்டுகள் இந்த மொத்தத்தில் இல்லை. ஒரு தசமத்தோடு நிறுத்தினால் இருவருக்கும் 48.8. இரண்டு தசமம் போனால்தான் 48.85, 48.84 என்று பிரிகிறார்கள். இத்தனை நெருக்கத்தில் வெற்றியாளரைச் சதவீதத்தில் தேடக் கூடாது, ஓட்டு எண்ணிக்கையில்தான் தேட வேண்டும்.