எண்ணெய் பாட்டிலுக்கு எந்த வெளிச்சம்?

விளம்பரப் படம் எடுப்பவர்களிடம் எந்தப் பொருள் உங்களைப் படுத்தி எடுக்கிறது என்று கேட்டால், பாதிப் பேராவது கண்ணாடி என்பார்கள். நல்லெண்ணெய் நிரப்பிய ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் கண்ணாடி, எதிரே இருக்கும் சன்னல், விளக்கு, படம் எடுக்கிறவரின் சட்டை வரை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய், பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் நிறம் காட்டும். முன்னால் ஒட்டிய காகித லேபிளுக்கோ முன்னாலிருந்து வெளிச்சம் வேண்டும். ஒரே பாட்டிலில் மூன்று பண்டங்கள், மூன்றும் மூன்று விதமாக ஒளியைக் கேட்கின்றன.

ஸ்டூடியோவுக்குள் மட்டும் புழங்கிய வெளிச்சத்தின் பெயர்களை இப்போது ஈரோடு பக்கம் மரச்செக்கு ஓட்டுகிறவரும் தட்டச்சு செய்கிறார். படம் உருவாக்கும் ஏஐ கருவிகள் வந்தபின் சாஃப்ட்பாக்ஸ், ரிம் லைட், கோல்டன் ஹவர் என்று எழுதினால் அதற்கேற்ற படம் வருகிறது. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் தம் எண்ணெய்க்குப் படம் போட்டுப் பார்த்தார். பாட்டில் ஒன்றுதான், மாற்றியது ஒரு சொல்லை மட்டும்தான். வந்த மூன்று படங்களும் மூன்று வெவ்வேறு கடைகளின் சரக்கு போல இருந்தன. ஒன்று மருந்துக்கடை, ஒன்று நட்சத்திர ஓட்டல், ஒன்று கிராமத்துத் தோட்டம்.

சாஃப்ட்பாக்ஸ் என்பது விளக்கின் முகத்தில் மாட்டும் கறுப்புத் துணிப் பெட்டி. உள்பக்கம் வெள்ளி பூசியிருக்கும், வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். சின்ன பல்பிலிருந்து வரும் ஒளி அந்தத் துணி முழுக்கப் பரவி, துணியே விளக்காக மாறிவிடும். நிழல் மென்மையாக விழுவதற்குக் காரணம் துணியின் வெள்ளை மட்டுமல்ல, பொருளிலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். 2 அடிப் பெட்டியைப் பாட்டிலுக்கு 2 அடி தள்ளி வைத்தால் நிழலின் ஓரம் கரைந்து போகும். அதே பெட்டியை 10 அடி தள்ளி வைத்தால் ஓரம் இறுகி, கத்தியால் வெட்டியது போலாகும். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தூரத்தால் ஒரு புள்ளியாகத் தெரிவதால்தான் மத்தியான வெயிலில் நிழல் அப்படி விழுகிறது. மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதும் ஒரே சாஃப்ட்பாக்ஸ்.

பாட்டிலில் சாஃப்ட்பாக்ஸ் இருப்பதை அடையாளம் காண்பது எளிது. கண்ணாடியின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, நீளமான வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். அது அந்தப் பெட்டியின் பிம்பம். அது ஒழுங்காக, ஓரம் நேராக இருந்தால் பார்ப்பவருக்குச் சுத்தம், ஒழுங்கு, மறைக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் வரும். அமேசான் போன்ற இணையக் கடைகள் முதல் படத்துக்கு வெள்ளைப் பின்னணி கேட்பதால், அங்கே பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை வெளிச்சம்தான். அதனாலேயே கொஞ்சம் சலித்தும் போயிற்று என்பேன்.

நண்பர் முதலில் எழுதியது இது:

```
glass bottle of sesame oil, softbox lighting, white background
```

வந்த படத்தில் பாட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியோடு ஒரு சாஃப்ட்பாக்ஸும் நின்றது. அவருக்குச் சிரிப்பு, எனக்கு ஆச்சரியமில்லை. இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த விவரங்களையும் சேர்த்துப் படித்தவை. சாஃப்ட்பாக்ஸ் என்று விவரம் எழுதப்பட்ட படங்களில் பல, அந்தப் பெட்டியையே விற்பதற்காக எடுத்தவை. ஆகவே அந்தச் சொல் கருவிக்கு ஒரு வெளிச்சம், கூடவே ஒரு சாமான். சாமான் வேண்டாம் என்று சேர்த்து எழுதினாலும், பெயர் மறுபடி வந்துவிட்டதால் சில சமயம் மீண்டும் அதுவே வந்து நிற்கும். பெயரை விட்டுவிட்டு அது செய்யும் வேலையை எழுதினால் சரியாகிறது:

```
glass bottle of sesame oil on a white table,
one large soft light from the left,
tall narrow white reflection on the left edge of the glass,
faint soft shadow to the right
```

இதே வரிகளைப் பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரரிடம் தமிழில் சொன்னாலும் அவர் படம் எடுத்துத் தந்துவிடுவார்.

ரிம் லைட் தமிழ் சினிமா பார்க்கிறவர்களுக்குப் புதிதல்ல. 1988இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் பி.சி.ஸ்ரீராம் பின்னாலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சியதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பொருளுக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் விளக்கை வைத்தால் முகப்பு இருட்டாகி, விளிம்பு மட்டும் கோடு போட்டது போல மின்னும். பின்னணி கறுப்பாக இருந்தால்தான் அந்தக் கோடு எடுபடும். வெள்ளைச் சுவரின் முன் ரிம் லைட் போட்டால் விளிம்பும் சுவரும் ஒன்றாகிவிடும். இருட்டிலிருந்து வடிவம் மட்டும் வெளியே வருவதால் பொருளுக்கு ஒரு ரகசியமும் விலையும் கூடிவிடுகின்றன. வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், மதுபானம் போன்றவற்றின் விளம்பரங்கள் இந்த வெளிச்சத்தை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

எண்ணெய்க்கு இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. பின்னாலிருந்து வரும் ஒளி எண்ணெயை ஊடுருவி வருவதால் அது உள்ளிருந்தே ஒளிர்வது போலத் தெரியும். ஆனால் லேபிள் இருட்டில் போய்விடும். பெயர் படிக்க முடியாத பாட்டிலை யார் வாங்குவார்கள்? ஸ்டூடியோவில் இதற்கு ஒரு மலிவான வழி வைத்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாதபடி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால், பின்விளக்கின் ஒளியே அதில் பட்டுத் திரும்பி லேபிளில் விழும். ஏஐ கருவியிலும் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். வெறும் `rim light` என்று எழுதினால், கேட்காமலேயே புகையும், நீலமும் ஆரஞ்சும் கலந்த வெளிச்சமும், ஈரம் தெளித்த கறுப்புக் கல்லும் வந்து சேர்ந்துவிடும். அந்தச் சொல்லோடு படித்த படங்களில் அவையெல்லாம் இருந்ததன் விளைவு. நல்லெண்ணெய் விஸ்கியாகிப் போன கதை இங்கேதான் நடந்தது.

நண்பருக்கு ஆசை முழுக்க மூன்றாவதன் மேல். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 6 டிகிரிக்குள் இருக்கும் நேரத்தைப் பொதுவாக கோல்டன் ஹவர் என்பார்கள். அப்போது ஒளி காற்றுமண்டலத்தின் ஊடே சாய்வாக, மிக நீண்ட தூரம் வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும். பெயரில் மணி என்று இருந்தாலும் நம் ஊரில் அது ஒரு மணி நேரம் நீடிப்பதில்லை. சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அந்த 6 டிகிரியைக் கடக்க 25 நிமிடம்தான் ஆகும். லண்டனில் சாய்ந்து இறங்குவதால் 40 நிமிடம்வரை கிடைக்கும், கோடையில் இன்னும் கூட.

கருவியில் `golden hour` என்று எழுதினால் இந்த அவசரம் இல்லை. ஆனால் வயல், காய்ந்த புல், லென்ஸில் தெறிக்கும் ஒளிவட்டம், மங்கலான மரங்கள் என்று ஒரு முழுக் காட்சியே கூட வருகிறது. வீட்டு ஞாபகம், உழைப்பு முடிந்த நேரம், கலப்படமில்லாத பண்டம் என்று மனசு தானாகவே கதை கட்டிக்கொள்ளும். மரச்செக்கு எண்ணெய்க்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும் என்று நண்பர் நினைத்ததில் தப்பில்லை.

சிக்கலைப் பிடித்தது அவருடைய மகள். “அப்பா, இது நம்ம எண்ணெயே இல்லையே. நம்மது இவ்வளவு சிவப்பா இருக்காது. வாங்குறவங்க பாட்டிலைத் திறந்து பார்த்துட்டு, வேற எதையோ கலந்துட்டீங்கன்னு சொல்லுவாங்க” என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டும் எண்ணெயை வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் எடைபோடுகிறார்கள். அந்தி வெளிச்சம் வெள்ளைக் காகிதத்தையே பழுப்பாக்கும். எண்ணெயைத் தேன் நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். சட்டைக்கோ செருப்புக்கோ கூட இதே தொல்லைதான், ஆனால் உணவில் நிறம் மாறினால் சந்தேகம் கலப்படத்தில் போய் முடியும். என்னைக் கேட்டால், நிறத்தை வைத்து விற்கும் எந்தப் பொருளுக்கும் முதல் படமாக கோல்டன் ஹவரைப் போடவே கூடாது. லேபிளின் வெள்ளை வெள்ளையாகவே தெரிகிற படம் முன்னால் இருக்கட்டும். அந்திப் படம் இரண்டாவதாக வரட்டும்.

உருவாக்கிய படம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க, நான் பாட்டிலை விட்டுவிட்டு மேசையைத்தான் முதலில் பார்ப்பேன். எண்ணெய் நிரம்பிய உருளையான பாட்டில் ஒரு லென்ஸ். பின்னாலிருந்து வெயில் பட்டால், முன்னால் விழும் நிழலின் நடுவே ஒரு பொன்னிறத் திட்டு மினுங்கும். வீட்டு மாடியில் மாலையில் ஒரு பாட்டிலை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். கருவி வரைந்த படங்களில் அடிக்கடி அந்தத் திட்டைக் காணோம். பாட்டில் மரக்கட்டை போலக் கறுத்த நிழலைப் போட்டிருக்கும். சில சமயம் சூரியன் இடப்பக்கம் இருக்க, கண்ணாடியில் வெள்ளைப் பட்டை வலப்பக்கம் மட்டும் ஓடும். வாங்குகிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றிவிடும்.

கடைசியில் நண்பர் வீட்டுக்காரர்கள் ஒரு நடுவழிக்கு வந்தார்கள். சன்னல் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி, உண்மையான பாட்டிலைக் கைபேசியில் எடுத்தார்கள். அதுவே முதல் படம். அந்திக் காட்சிக்கு மட்டும் கருவியிடம் பின்னணியை வாங்கி, தங்கள் பாட்டிலை வெட்டி அதில் வைத்தார்கள். லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதே, கருவி அதை வரைந்தால் எழுத்தும் எண்ணும் குழம்பிப்போகலாம் என்பதும் ஒரு காரணம். முதல் முறை ஒட்டியபோது பாட்டில் படத்தில் மிதந்தது: சன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்திருக்க, பின்னணியில் சூரியன் வலப்பக்கம் பின்னால் இருந்தது. மகள் பாட்டிலை மாடிக்கு எடுத்துப்போய், மாலை 6 மணிக்குச் சற்று முன் சூரியனைப் பாட்டிலுக்கு வலப்பின்னால் வைத்து, முன்னால் ஒரு தெர்மாகோலைச் சாய்த்து நிறுத்தி மறுபடி எடுத்தாள். இந்த முறை விளிம்பில் தானாகவே ரிம் லைட் விழுந்திருந்தது, மேசையில் அந்தப் பொன் திட்டும் இருந்தது. பின்னணியை மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.